6308 பேரிங்: k5, H7 என்றால் ஷாஃப்டும் எண்ட் கவரும் எந்த அளவில் இருக்க வேண்டும்?

கேள்வி: அண்ணா, கணபதியில் சின்னதா ஒரு லேத் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன்ங்க. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நார் மில்லில் இருந்து 10 எச்.பி. மோட்டார் வந்திருக்கு, பெல்ட் டிரைவ், இரண்டு பக்கமும் 6308 பேரிங். ஷாஃப்டுக்கு k5, எண்ட் கவருக்கு H7-ன்னு போட்டிருக்கு. அளந்து பார்த்தால் ஷாஃப்ட் புல்லி பக்கம் 39.995, ஃபேன் பக்கம் 40.006. கவர் புல்லி பக்கம் 90.018, ஃபேன் பக்கம் 90.041. பேரிங் ஓட்டை 40, ஷாஃப்டும் 40, அப்போ 39.995 சரிதானேங்க? எதை வெச்சு முடிவு பண்றது?

பதில்:

தம்பி, 39.995 சரியில்லைங்க. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் அந்த சீட்டில் பேரிங்கை ஏற்றி அனுப்பினால் மோட்டார் திரும்பி வரும். 40.006-உம் 90.018-உம் நல்ல அளவுகள். 90.041 வரம்பைத் தாண்டியிருக்கிறது, ஆனால் அங்கே பிரச்சினை வேறு இடத்தில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எழுத்துகள். சின்ன எழுத்து ஷாஃப்டுக்கு, பெரிய எழுத்து ஓட்டைக்கு. 40-லிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி அளவு தொடங்குகிறது என்பதை எழுத்து சொல்லும். தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு அகலம் விடலாம் என்பதை எண் சொல்லும். 30-லிருந்து 50 மி.மீ. வரையுள்ள ஷாஃப்டுக்கு k என்றால் 2 மைக்ரான், அதாவது 0.002 மி.மீ., மேலே தொடங்கும். 5 என்ற தரத்துக்கு அங்கே அகலம் 11 மைக்ரான். அதனால் k5 ஷாஃப்ட் 40.002-க்கும் 40.013-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கவர் பக்கம், 80-லிருந்து 120 மி.மீ. வரை H7 என்றால் சரியாக 0-வில் தொடங்கி 35 மைக்ரான் மேலே போகலாம். ஆக 90.000-லிருந்து 90.035 வரை.

இதுவரை எந்த அட்டவணையிலும் பார்த்துவிடலாம். எல்லோரும் வழுக்குவது பேரிங்கின் அளவில்தான். சாதாரணமாக ஒரு புஷ்ஷிலோ புல்லியிலோ 40 H7 ஓட்டை என்றால் அது 40-க்கு மேலேதான் இருக்கும், 40.000-லிருந்து 40.025 வரை. பேரிங்கின் உள் ஓட்டை அப்படிக் கிடையாது. சாதாரண தரத்தில் வரும் 40 மி.மீ. பேரிங்கின் ஓட்டை 39.988-லிருந்து 40.000 வரை, அதாவது 40-க்குக் கீழே மட்டும். வெளி விட்டமும் அதே மாதிரி கீழ்ப்பக்கம்தான், 89.985-லிருந்து 90.000 வரை. பெட்டியில் 40 x 90 x 23 என்று போட்டிருப்பதை அப்படியே 40.000 என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பிவிடும்.

இதனால் ஒரே k5 ஷாஃப்ட் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். H7 புல்லியில் அது சில சமயம் இறுக்கமாகவும் சில சமயம் 23 மைக்ரான் வரை லூசாகவும் வரலாம். பேரிங்கில் எப்போதுமே இறுக்கம்தான். குறைந்தது 40.002 - 40.000 = 2 மைக்ரான், அதிகபட்சம் 40.013 - 39.988 = 25 மைக்ரான். புத்தகத்தில் பொதுவான ஃபிட் அட்டவணையைப் பார்த்துவிட்டு "k என்றால் இறுக்கமும் இல்லை, லூசும் இல்லை" என்று பேரிங்குக்கும் சேர்த்து முடிவு கட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் 39.995-ஐ இப்போது வையுங்கள். பேரிங் ஓட்டை 39.988 ஆக அமைந்தால் 7 மைக்ரான் இறுக்கம் கிடைக்கும். 40.000 ஆக அமைந்தால் 5 மைக்ரான் இடைவெளி. எந்தப் பேரிங் கைக்கு வருகிறதோ அதைப் பொறுத்து ஒன்று நிற்கும், ஒன்று நழுவும். இந்த 39.995 h6 அளவுக்குள் சரியாக உட்காருகிறது, h6 என்பது 39.984-லிருந்து 40.000 வரை. முன்னாடி யாரோ "40 ஷாஃப்ட்" என்று மட்டும் கேட்டுக்கொண்டு பொது அளவில் கிரைண்டிங் செய்து கொடுத்திருக்கலாம்.

5 மைக்ரான் இடைவெளிக்கு இத்தனை பயம் ஏன் என்று கேட்பீர்கள். உங்கள் மோட்டாரில் பெல்ட் எப்போதும் ஒரே பக்கம், மெஷினை நோக்கித்தான் இழுக்கிறது. சுற்றுவது ஷாஃப்டும் பேரிங்கின் உள் வளையமான இன்னர் ரேஸும். அதனால் இன்னர் ரேஸில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இழுப்புக்குக் கீழே வந்து போகிறது. அவுட்டர் ரேஸில் ஒரே ஓர் இடம்தான் எப்போதும் சுமையைத் தாங்குகிறது. பேரிங் புத்தகங்கள் "இன்னர் ரேஸுக்குச் சுழலும் சுமை, அவுட்டர் ரேஸுக்கு நிலையான சுமை" என்று சொல்வது இதைத்தான். மோட்டார், பம்ப் மாதிரி வேலைகளை அவை நடுத்தரச் சுமை என்ற வரியில் வைக்கின்றன. பால் பேரிங்குக்கு 18-லிருந்து 100 மி.மீ. வரை ஷாஃப்ட் k5 என்பதும் அந்த வரியில்தான் வரும்.

சுழலும் சுமை உள்ள ரேஸ் லூசாக இருந்தால் என்ன ஆகும்? ஓர் உருண்டைக் கட்டையில் அதைவிடக் கொஞ்சம் பெரிய வளையலை மாட்டிக் கட்டையைச் சுற்றிப் பாருங்கள். கட்டை ஒரு சுற்று முடிக்கும்போது வளையல் ஒரு சுற்று முடிக்காது, கொஞ்சம் பின்தங்கும், ஏனென்றால் அதன் சுற்றளவு அதிகம். பின்தங்கும் தூரம் இரண்டு சுற்றளவுகளின் வித்தியாசம், அதாவது 3.14 பெருக்கல் இடைவெளி. 10 மைக்ரான் இடைவெளிக்கு ஒரு சுற்றுக்கு 0.031 மி.மீ. கேட்கச் சின்னதுதான். 1440 ஆர்.பி.எம்.மில் அது நிமிஷத்துக்கு 45 மி.மீ., 10 மணி நேர ஷிப்டில் 27 மீட்டர். சுமையைத் தாங்கிக்கொண்டே எஃகு எஃகின் மேல் 27 மீட்டர் தேய்கிறது, நடுவில் எண்ணெயும் இல்லை. தேயத் தேய இடைவெளி கூடும், இடைவெளி கூடக்கூட ஓட்டமும் கூடும். நட்டை இறுக்கியோ சர்க்ளிப் போட்டோ இதை நிறுத்த முடியாது. பக்கவாட்டில் எவ்வளவு பிடித்தாலும் ரேஸ் சுற்றும் திசையில் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். ஓட்டைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் உள்ள இறுக்கம் மட்டும்தான் நிறுத்தும்.

அவுட்டர் ரேஸுக்கு இந்த உருளும் ஆட்டம் கிடையாது, அதனால் லூசாக விடலாம். விடத்தான் வேண்டும். மோட்டார் ஓடும்போது ஷாஃப்ட் பாடியைவிட அதிகமாகச் சூடாகும். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் 300 மி.மீ., வித்தியாசம் 30 டிகிரி என்று வைத்தால் ஷாஃப்ட் கிட்டத்தட்ட 0.1 மி.மீ. கூடுதலாக நீளும். ஒரு பக்க அவுட்டர் ரேஸாவது கவருக்குள் நகர்ந்து அதற்கு இடம் கொடுக்க வேண்டும். நகரவில்லை என்றால் இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று பக்கவாட்டில் நெரிக்கும். H7 கவரில் 6308-க்கு 0-விலிருந்து 50 மைக்ரான் வரை இடைவெளி வருகிறது. பேரிங் கையாலேயே தள்ளினால் உள்ளே போக வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வது இதற்காகத்தான். ஷாஃப்டுக்கு அதே பேச்சு நேர் எதிர். புதுப் பேரிங் ஷாஃப்டில் கையால் தள்ளியே ஏறினால் அந்த சீட் தோற்றுவிட்டது.

இனி அளக்கும் விதம். k5-க்கு மொத்த இடமே 11 மைக்ரான், அதனால் 0.01 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டரை வைத்து முடிவு சொல்ல முடியாது. 0.001 காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும். அதையும் 25 மி.மீ. ராடில் ஜீரோ பார்த்துவிட்டு 40-ஐ அளப்பதைவிட, 40.000 ஸ்லிப் கேஜை வைத்துப் பார்த்து, அதிலிருந்து எவ்வளவு கூடுகிறது குறைகிறது என்று ஒப்பிடுவது எவ்வளவோ மேல். சீட்டின் நீளத்தில் மூன்று இடம், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு, மொத்தம் ஆறு அளவுகள் எழுதுங்கள். ஆறும் 40.002-க்கும் 40.013-க்கும் உள்ளே வர வேண்டும். சராசரி எடுத்துச் சமாதானம் ஆகக் கூடாது. உள்ளே வந்தாலும் பெரியதற்கும் சிறியதற்கும் 5 மைக்ரானுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் விடுவதில்லை. ஷாஃப்டில் உள்ள டேப்பரும் ஓவலும் மெல்லிய இன்னர் ரேஸுக்கு அப்படியே ஏறிவிடும்.

சூடு இன்னொரு பெரிய ஏமாற்று. 40 மி.மீ. எஃகு ஷாஃப்ட் 10 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் கிட்டத்தட்ட 5 மைக்ரான் பெரிதாகக் காட்டும். அளவுகள் எல்லாம் 20 டிகிரிக்குச் சொல்லப்பட்டவை. ஏப்ரல் மாதம் தகரக் கூரைக்குக் கீழே 36 டிகிரியில் நீங்கள் அளக்கலாம், அதில் தப்பில்லை. ஷாஃப்டும் ஸ்லிப் கேஜும் எஃகு, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் ஒரே அளவு நீண்டிருக்கும், வித்தியாசம் சரியாகவே வரும். இரண்டையும் ஒரே மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு அளந்தால் போதும்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பீளமேட்டில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிரைண்டிங்கிலிருந்து இறக்கிய கையோடு ஒரு ஷாஃப்டை அளந்து 40.004 என்று எழுதினேன். மேஸ்திரி அவசரப்பட்டார், நானும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் பேரிங் கையாலேயே ஏறியது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். மூன்று வாரத்தில் மோட்டார் திரும்பி வந்தது. பேரிங்கைக் கழற்றினால் சீட் முழுக்கக் காய்ந்த மருதாணி மாதிரி பழுப்புத் தூள், அதற்குக் கீழே ஷாஃப்ட் கண்ணாடி போலப் பளபளத்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்து "சீட் நன்றாக இருக்கிறது" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். சீட் பளபளத்தால் ரேஸ் அங்கே ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

கவரை அளக்கும்போது போர் டயல் கேஜ் போதும், ஆனால் அதற்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. மெல்லிய எண்ட் கவரை மூன்று ஜா சக்கில் இறுக்கிப் பிடித்துக் கடைந்தால், சக்கில் இருக்கும்வரை ஓட்டை வட்டமாக இருக்கும். விட்டதும் மூன்று பக்கம் உப்பிக்கொள்ளும். இரண்டு முனையால் அளக்கும் கேஜ் இந்த மூன்று பக்க உப்பலை எந்தத் திசையிலும் காட்டாது, சுற்றிச் சுற்றி ஒரே அளவைச் சொல்லும். அளவெல்லாம் சரியாக வந்தும் பேரிங் உள்ளே போக மறுத்தால், மூன்று முனை உள்ள உள் மைக்ரோமீட்டரை யாரிடமாவது வாங்கி ஒரு தடவை பாருங்கள். கடைசி வெட்டுக்கு முன்னால் சக்கைத் தளர்த்தி மெதுவாகப் பிடித்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

சரி, உங்கள் புல்லி பக்க ஷாஃப்டை என்ன செய்வது? பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி மேடாக்கிப் பேரிங்கை அடித்து ஏற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். மைக்ரோமீட்டர் அந்தக் குத்துகளின் உச்சியை அளந்து 40.010 என்று நல்ல அளவாகவே காட்டும். ஆனால் ரேஸ் உட்காருவது அந்த உச்சிகளின் மேல் மட்டும்தான், சில நாளில் அவை நசுங்கிப் பழைய இடத்துக்கே வரும். நான் செய்வதென்றால், சீட்டைக் கொஞ்சம் கிரைண்டிங் செய்து குறைத்து, ஹார்டு குரோம் ஏற்றி மறுபடி கிரைண்டிங் செய்வேன். அவசரத்துக்கு ரீடெய்னிங் காம்பவுண்டு என்ற பசையைப் போட்டு ஓட்டலாம், 5 மைக்ரான் இடைவெளியை அது தாங்கும். ஆனால் அடுத்த முறை கழற்ற ஷாஃப்டைச் சூடாக்க வேண்டியிருக்கும் என்பதை மில்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கிரைண்டிங் செய்கிறவரிடம் என்ன அளவு கேட்பது? இங்கே பேரிங்கின் உள் கிளியரன்ஸையும் பார்க்க வேண்டும். இன்னர் ரேஸை இறுக்கி ஏற்றும்போது அது விரிகிறது, அந்த இறுக்கத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் பந்துகளுக்கான இடைவெளியைத் தின்றுவிடும். ஷாஃப்ட் 40.007, பேரிங் ஓட்டை நடுவாக 39.994 என்றால் இறுக்கம் 13 மைக்ரான், தின்பது 10 மைக்ரானுக்கு மேல். சாதாரண கிளியரன்ஸ் உள்ள 6308-இல் மொத்தமே 6-லிருந்து 20 மைக்ரான்தான். ஓடும்போது இன்னர் ரேஸ் அவுட்டரைவிட 10 டிகிரி கூடுதலாகச் சூடானால் இன்னும் 7, 8 மைக்ரான் போகும். மிச்சம் எதுவும் இருக்காது. C3 என்று குறி போட்டதில் 15-லிருந்து 33 மைக்ரான் இருக்கிறது. மோட்டாருக்கு C3 கேட்டு வாங்குவதற்குக் காரணம் இந்தக் கழித்தல்தான்.

ஆகவே 40.004-லிருந்து 40.009-க்குள் கேளுங்கள், பேரிங் C3 ஆக இருக்கட்டும். சில கேட்டலாக்குகள் k6-ஐயும் அனுமதிக்கின்றன, அது 40.018 வரை போகும். ஆனால் 40.018 ஷாஃப்டும் 39.988 ஓட்டையும் சேர்ந்துவிட்டால் 30 மைக்ரான் இறுக்கம், 24 மைக்ரான் போய்விடும், கிளியரன்ஸ் குறைவாக அமைந்த C3 பேரிங்கே நெரிபடும். "இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே" என்று மேல் எல்லையை ஒட்டி விடுவதும் ஒரு தப்புதான். அதன் அடையாளம் சூடும் கீச்சென்ற சத்தமும்.

இப்போது 90.041. வரம்பைவிட 6 மைக்ரான் கூடுதல். முதலில் ஒரே அளவை நம்பாமல் மூன்று நான்கு திசையில் பாருங்கள். அப்புறம் கழற்றிய பழைய பேரிங்கைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், அதை வெட்டித் திறந்து அவுட்டர் ரேஸின் உள்ளே பந்து ஓடிய தடத்தைப் பாருங்கள். ஒழுங்கான பேரிங்கில் இன்னரில் தடம் முழு வட்டமாக இருக்கும், அவுட்டரில் சுமை விழும் பக்கம் மட்டும் ஒரு வில்லாக இருக்கும். அவுட்டரில் எதிரெதிராக இரண்டு தடங்கள் இருந்தால் கவர் ஓவலாகப் பேரிங்கை நசுக்கியிருக்கிறது. அவுட்டரிலும் தடம் முழு வட்டமாக இருந்தால் ஒன்று உள்ளே கிளியரன்ஸ் தீர்ந்து நெரிபட்டிருக்கிறது, இல்லையென்றால் அவுட்டர் ரேஸே கவருக்குள் சுற்றியிருக்கிறது. ரேஸின் வெளிப்புறத்தில் சுற்றுவாட்டில் கீறலும் பளபளப்பும் இருந்தால் இரண்டாவதுதான்.

உங்கள் மோட்டாரில் இரண்டாவது என்றுதான் எனக்குச் சந்தேகம், அதுவும் ஃபேன் பக்கம் என்பதால். பெல்ட்டின் இழுப்பை அதிகம் வாங்குவது புல்லி பக்கப் பேரிங், ஃபேன் பக்கத்தில் சுமை குறைவு. நார் மில்லில் தூள் ஃபேன் இறக்கைகளில் ஒரு பக்கமாகப் படிந்து இறுகினாலோ, ஓர் இறக்கை உடைந்தாலோ, பேலன்ஸ் கெட்டு அந்த விசை ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும். அது அங்கே உள்ள சிறிய சுமையை மிஞ்சிவிட்டால் நிலைமை தலைகீழ். சுழலும் சுமை இப்போது அவுட்டர் ரேஸுக்குப் போகிறது, வளையல் கணக்கு இன்னருக்குப் பதில் அவுட்டருக்கு நடக்கிறது. H7 கொடுக்கும் இடைவெளியில் அது சுற்றிச் சுற்றிக் கவரைத் தின்னும். k5-உம் H7-உம் பெல்ட் மாதிரி ஒரே பக்கம் இழுக்கும் சுமைக்குக் கொடுத்த எழுத்துகள், சுமை சுற்றத் தொடங்கினால் அவை பொருந்தாது.

அதனால் கவரைப் போர் செய்து வார்ப்பிரும்பு புஷ் போட்டு 90.010 பக்கம் கடைந்து கொடுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஃபேனைக் கழற்றிக் கழுவி இறக்கைகளை எண்ணிப் பாருங்கள். ரோட்டரையும் ஃபேனோடு சேர்த்து ஒரு தடவை பேலன்ஸிங்குக்கு அனுப்புங்கள். அது கெட்டிருந்து நீங்கள் புஷ் மட்டும் போட்டால், அதே அவுட்டர் அந்தப் புது புஷ்ஷையும் தின்னத் தொடங்கும்.